நவம்பரிலேயே நிறுத்தச் சொன்னோம். ஜனவரியில் பணம் போய்விட்டது

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு லேபிள் தயாரித்துக் கொடுக்கிறோம். ஊதியக் கணக்குக்காக ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிவந்தோம். தவணை 31.12.2025 அன்று முடிந்தது. வேண்டாமென்றால் முப்பது நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். நவம்பர் 24 அன்றே, எங்களைக் கவனித்துவந்த அவர்களுடைய மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 26-ஆம் தேதி "குறித்துக்கொண்டேன், குழுவிடம் சொல்லிவிடுகிறேன்" என்று பதில் வந்தது. ஆனால் ஜனவரி 2 அன்று எங்கள் நடப்புக் கணக்கிலிருந்து ரூ.1,13,280 எடுத்துவிட்டார்கள். கேட்டால், "ஒப்பந்தத்தில் குறித்த முகவரிக்கு அறிவிப்பு வரவில்லை, ஜனவரி 3 அன்று உங்கள் ஆள் உள்நுழைந்தும் இருக்கிறார், பணம் திரும்பாது" என்கிறார்கள். பணமும் வேண்டும், ஒப்பந்தம் முடிந்தது என்று எழுத்திலும் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? எம்எஸ்எம்இ சமாதானில் புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கையில் இருக்கும் ஆவணங்களிலேயே அதிக மதிப்புள்ளது, நீங்கள் நவம்பர் 24 அன்று அனுப்பிய மின்னஞ்சல் அன்று. 26 அன்று அந்த மேலாளர் எழுதிய ஒற்றை வரிப் பதில்தான். அறிவிப்பை அனுப்பினீர்களா என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அது அவர்களிடம் எந்த நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும் என்பதே இந்த வழக்கின் உயிர்நாடி. அதற்கு விடை தருவது அந்தப் பதில்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவு, மின்னணு வழியில் அனுப்பிய ஓர் ஆவணம் எப்போது பெறப்பட்டதாகும் என்பதை வரையறுக்கிறது. பெறுபவர் இன்ன முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒன்றைக் குறித்துக் கொடுத்திருந்தால், அங்கே போய்ச் சேர்ந்த நேரமே பெற்ற நேரம். குறித்த முகவரியை விட்டுவிட்டு அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பியிருந்தால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரமே பெற்ற நேரம். ஆகவே குறித்த முகவரிக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஓர் அறிவிப்பு இல்லாமற்போய்விடுவதில்லை. அது பெறப்பட்ட நேரம் மட்டுமே தள்ளிப்போகிறது. உங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் வேறொரு அஞ்சல்பெட்டிக்குப் போனது என்றே வைத்துக்கொள்வோம். அதை அவர் படித்தார் என்பதற்கு அவருடைய பதிலே சாட்சி. அந்தக் கணக்கில் நவம்பர் 26 உங்கள் அறிவிப்பு சேர்ந்த நாள். அதிலிருந்து டிசம்பர் 31 வரை முப்பத்தைந்து நாட்கள் உள்ளன. ஒப்பந்தம் கேட்பது முப்பது.

அந்த மேலாளர் படித்தால் நிறுவனம் படித்ததாகுமா என்று அவர்கள் கேட்கக்கூடும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 229-ஆம் பிரிவு இதற்கென்றே இருப்பதுபோல் அமைந்திருக்கிறது: முகவர் ஒருவர் தம்மை அமர்த்திய முதல்வருக்காக நடத்தும் அலுவலின் போக்கில் அந்த முகவருக்குக் கொடுக்கப்படும் அறிவிப்பு, முதல்வருக்கே கொடுக்கப்பட்ட அறிவிப்பின் விளைவையே உடையது. உங்கள் கணக்கைக் கவனிப்பதற்கென்றே நிறுவனம் அமர்த்திய ஆள் அவர். இந்த இடத்தில் உங்கள் பழைய அஞ்சல்களைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சந்தாவில் பயனர் எண்ணிக்கையைக் கூட்டியது, தள்ளுபடி பேசியது, சென்ற ஆண்டு புதுப்பித்தது போன்றவை இதே மேலாளரின் மின்னஞ்சல் வழியாகவே நடந்திருந்தால், அந்த அஞ்சல்களைத் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். பணம் வரும் செய்திகளை அவர் வழியாக ஏற்றுக்கொண்ட நிறுவனம், பணம் நிற்கும் செய்திக்கு மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வது எளிதில் நிற்காது.

இதில் ஓர் எல்லை உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 13-ஆம் பிரிவின் விதி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிராத இடத்தில்தான் பொருந்தும். ஆகவே ஒப்பந்தத்தில் அறிவிப்புகள் பற்றிய பத்தியை எடுத்து, சொல் சொல்லாகப் படியுங்கள். "இந்த முகவரிக்கு அனுப்பலாம்" என்றோ "அனுப்ப வேண்டும்" என்றோ மட்டும் இருந்தால் நான் மேலே சொன்னது உறுதியாக நிற்கும். "இந்த வழியில் வந்தால் மட்டுமே செல்லும், வேறு எந்த வழியில் வந்தாலும் செல்லாது" என்ற பொருளில் எழுதியிருந்தால் உங்கள் நிலை சற்றுத் தளரும். அப்போதும் வாதம் முடிந்துவிடாது. கடைசி நாளான டிசம்பர் 1-க்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தபோது, "இது சரியான முகவரி இல்லை, அங்கே அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதாமல், "குறித்துக்கொண்டேன், சொல்லிவிடுகிறேன்" என்று அவர் எழுதினார். அதை நம்பி நீங்கள் வேறொன்றும் செய்யாமல் இருந்தீர்கள். இந்த நம்பிக்கையை உண்டாக்கிய தரப்பு, பிறகு அதையே உங்களுக்கு எதிராகத் திருப்ப முடியாது என்பது வலுவான மறுப்பு. ஆனாலும் இது வாதாடி நிறுவ வேண்டியது. முதல் நிலையைப் போல ஆவணத்தைக் காட்டினாலே முடிவது அன்று.

உங்கள் நவம்பர் 24 அஞ்சலின் வாசகத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், "அடுத்த ஆண்டு தொடரலாமா என்று யோசித்துவருகிறோம், இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம்" என்று எழுதியிருந்தார். அவர் மனத்தில் அது நிறுத்தம். எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் அதை விலைபேசலின் தொடக்கம் என்றார், அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு என்னால் அதை முழுதாக மறுக்க முடியவில்லை. "டிசம்பர் 31-க்குப் பிறகு புதுப்பிக்க வேண்டாம்" என்ற பொருள் ஐயமின்றி உங்கள் அஞ்சலில் இருந்தால் கவலையில்லை.

அந்த இரண்டு அஞ்சல்களையும் பாதுகாப்பது அடுத்த வேலை. திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது போதாது. அஞ்சலை `.eml` கோப்பாக இறக்கி வையுங்கள். கணினியில் ஜிமெயிலில் அஞ்சலைத் திறந்து, அஞ்சலின் மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் `Show original` என்று ஒன்று வரும்; எந்த வழங்கியிலிருந்து எந்த நொடியில் எங்கே போனது என்ற தலைப்பு விவரங்கள் அங்கே முழுவதுமாக இருக்கும். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை ஒரு தொழில்நுட்ப வல்லுநரும் கையொப்பமிட்டுத் தருவீர்கள். மூலக் கோப்பு கெடாமல் இருந்தால்தான் அந்தச் சான்றிதழைத் தர முடியும். அந்த அஞ்சல்களை அனுப்பிய ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய அஞ்சல்பெட்டியை அழித்துவிடும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், இப்போதே அதைத் தடுத்து வையுங்கள்.

இனி, ஜனவரி 3-ஆம் தேதி உள்நுழைவு. எதிர்த்தரப்பின் கையில் உள்ள மிகக் கூர்மையான வாதம் இதுவே. முகவரி வாதத்தைவிட இதைத்தான் நான் கவனமாக எடுத்துக்கொள்வேன். ஒரு சேவையைப் பெற்றுக்கொள்ளும் நடத்தையே அதை ஏற்றுக்கொண்டதாகும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் எதற்காக உள்நுழைந்தார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமையும். டிசம்பர் வரையிலான ஊதியச் சீட்டுகளையும் வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ பதிவுகளையும் இறக்கிக்கொள்ள நுழைந்திருந்தால், முடிந்துபோன தவணையின் உங்கள் சொந்தத் தரவை எடுத்துப்போனதே அது. ஜனவரி மாத ஊதியத்தை அதில் ஓட்டியிருந்தால் அது புதிய தவணையின் பயன்பாடு. மென்பொருளின் செயல்பதிவேட்டில் யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது இருக்கும். அன்று நுழைந்த ஊழியரிடம் நேரில் கேட்டறிந்து, அவர் இறக்கிய கோப்புகளைத் தேதியோடு எடுத்து வையுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இனிமேல் யாரும் அதில் நுழையக் கூடாது. எடுக்க வேண்டிய தரவு இன்னும் மிச்சம் இருந்தால், முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "எங்கள் தரவை இறக்கிக்கொள்வதற்காக மட்டும் இன்ன நாளில் இன்ன பயனர் நுழைவார், இதைப் புதுப்பித்தலை ஏற்றதாகக் கொள்ளலாகாது." பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மற்றப் பயனர்களின் அனுமதியை நீக்கிவிடுங்கள். ஒருவேளை ஜனவரி ஊதியம் அதில் ஓடிவிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்கான விகிதத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பதே நேர்மையான, வெல்லக்கூடிய கோரிக்கை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பலருடைய வழக்கு இந்த இடத்தில்தான் தெரியாமல் பலவீனமாகிறது. எடுத்த தொகையைப் பிரித்தால் ரூ.96,000 கட்டணமும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.17,280-ம் வருகின்றன. இதற்கான இன்வாய்ஸ் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கும். உங்கள் கணக்காளர் வழக்கம்போல் அதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொண்டால், "சேவையே வேண்டாம் என்றவர்கள் அதன் வரியை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டார்கள்?" என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. அதனால் அந்த வரவை எடுக்கக் கூடாது. 2024 அக்டோபர் முதல் தளத்தில் இயங்கும் இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதியில் ஒவ்வொரு இன்வாய்ஸையும் ஏற்கவோ, மறுக்கவோ, நிலுவையில் வைக்கவோ முடியும்; எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். இந்த இன்வாய்ஸை ஜனவரி மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வதற்கு முன் `Reject` செய்யச் சொல்லுங்கள். இது வரிக் கணக்குக்கு மட்டும் நன்மை செய்வதன்று. புதுப்பித்தலை நீங்கள் ஏற்கவில்லை என்பதற்கு அரசுத் தளத்திலேயே ஒரு பதிவு உண்டாகிறது. ஏற்கெனவே வரவு எடுத்தாகிவிட்டது என்றால் அடுத்த தாக்கலில் அதைத் திருப்பிவிட்டு, திருப்பியதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

வங்கியில் நீங்கள் கொடுத்திருக்கும் தானியங்கிப் பற்று ஒப்புதல், அதாவது மேண்டேட், இன்னும் உயிரோடு இருக்கும். அதற்கென்று ஒரு தனி எண் இருக்கும். வங்கி அறிக்கையிலோ இணைய வங்கிச் சேவையிலோ அதைக் கண்டெடுத்து, ரத்து செய்யும்படி வங்கிக்கு எழுதி, ரத்தானதற்கான ஒப்புகையை வாங்குங்கள். கணக்கில் பணம் வைக்காமல் விட்டுவிட்டால் பற்று தானாகத் திரும்பிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த வழியில் போக வேண்டாம். போதிய பணம் இல்லாமல் மின்னணுப் பற்று திரும்புவதும், காசோலை திரும்புவதைப் போலவே, பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம், 2007-இன் 25-ஆம் பிரிவில் குற்றமாக வரக்கூடும். நீதி உங்கள் பக்கம் இருக்கும் ஒரு விவகாரத்தில் நீங்களே எதிரிக்கு ஒரு பிடியைக் கொடுத்ததாகிவிடும்.

இதே நிலை கிரெடிட் கார்டு வழியாகப் பணம் போனவர்களுக்கு நேர்ந்தால் அவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. "ரத்து செய்த பிறகும் எடுத்த தொடர் பற்று" என்ற பெயரிலேயே கார்டு வலையமைப்புகளில் ஒரு வகைத் தகராறு இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியிடம் அதை எழுப்பலாம். இதற்குப் பொதுவாக 120 நாள் வரம்பு உண்டு என்பதால், நிறுவனத்தோடு பேசிப் பேசியே அந்தக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது. ரூ.15,000-க்கு மேற்பட்ட தொடர் பற்று ஒன்று ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் மின்மேண்டேட் விதிகளைச் சுட்டிக்காட்டி வங்கியிடமே விளக்கம் கேட்கலாம்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். இதுவரை உதவிமேசையோடு நடந்த உரையாடலைத் தொடர வேண்டாம். அங்கே உள்ளவர்களுக்குப் பணம் திருப்பும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒப்பந்தத்தில் குறித்துள்ள அதே அறிவிப்பு முகவரிக்கு, மின்னஞ்சலிலும், பதிவு அலுவலகத்துக்கு விரைவு அஞ்சலில் சேர்ப்புச் சான்றோடும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் ரத்து பொத்தான் ஒன்று இருந்து, அதை அழுத்தினால் "நடப்புத் தவணை முடிவில் ரத்தாகும்" என்று காட்டுகிறது என்றால், கடிதத்தை அனுப்பும் வரை அதை அழுத்தாதீர்கள். நடப்புத் தவணை என்று ஒன்று இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால் கடிதமும் ஆங்கிலத்தில் போவது நல்லது. அதன் உள்ளடக்கம் ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்:

"இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின் இன்ன பத்தியின்படி, 31.12.2025-க்குப் பிறகு புதுப்பிக்க வேண்டாம் என்று 24.11.2025 அன்று எழுத்தில் அறிவித்தோம். தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மேலாளர் அதைப் பெற்று 26.11.2025 அன்று ஒப்புக்கொண்டார். ஆகவே ஒப்பந்தம் 31.12.2025 அன்று முடிவுற்றது. 02.01.2026 அன்று எடுத்த ரூ.1,13,280 எங்கள் ஒப்புதலின்றி, உரிமையின்றிப் பெற்ற தொகை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தந்து, குறித்த இன்வாய்ஸுக்குக் கிரெடிட் நோட் வழங்கக் கோருகிறோம். தவறினால் 02.01.2026 முதல் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் கோருவோம். எங்கள் நிலையை எவ்வகையிலும் விட்டுக்கொடுக்காமல், ஒருவேளை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாகவே முடிவாகுமானால், அது 31.12.2026-க்குப் பிறகு புதுப்பிக்கப்படக் கூடாது என்பதற்கான அறிவிப்பாகவும் இக்கடிதத்தைக் கொள்க."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். எழுதினால் தோல்வியை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமோ என்ற அச்சம். முன்னே உள்ள "விட்டுக்கொடுக்காமல்" என்ற சொல் அந்த அச்சத்துக்கான காப்பு. அந்த வாக்கியம் இல்லாமல் போனால், இந்த ஆண்டுத் தொகையைப் பற்றிய வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஜனவரியில் இன்னொரு புதுப்பித்தல் வந்து நிற்கும். வட்டி பற்றிய வாக்கியத்துக்கும் காரணம் உண்டு. வட்டிச் சட்டம், 1978-இன்படி, வட்டி கோருவோம் என்று எழுத்தில் அறிவித்திருந்தால் அந்த அறிவிப்பில் குறித்த நாளிலிருந்து வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு வழி பிறக்கிறது. எத்தனை விழுக்காடு என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும்.

பணத்தைவிட எழுத்துறுதியை வாங்குவதில்தான் அதிகக் கவனம் தேவை என்பது என் கருத்து. பணம் வந்துவிட்டால் மகிழ்ச்சியில் மற்றதை விட்டுவிடுவது மனித இயல்பு. "உங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது" என்று வரும் தானியங்கி அஞ்சல் ஒப்பந்த முடிவுக்கான உறுதி ஆகாது. நல்லெண்ண அடிப்படையில் பணம் திருப்புகிறோம் என்று மட்டும் எழுதித் தருவதும் போதாது. அதில் சந்தா முடிந்தது என்ற சொல்லே இல்லை, கணக்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும். ஒப்பந்தம் 31.12.2025 அன்று முடிவுற்றது என்றும், அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை என்றும், உங்களிடமிருந்து வர வேண்டிய தொகை எதுவும் இல்லை என்றும், மேண்டேட்டின் எண்ணைக் குறிப்பிட்டு இனி அதில் பற்று எழுப்பப்படாது என்றும், உங்கள் ஊழியர்களின் ஊதியம், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் உள்ள தரவு இன்ன நாளுக்குள் அழிக்கப்படும் என்றும் அந்தக் கடிதம் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே தயாரித்து இணைப்பாக அனுப்பிவிட்டால் அவர்கள் கையொப்பமிட்டுத் தருவது எளிதாகிறது. என் அனுபவத்தில் இந்தச் சின்ன வசதி பல வாரத் தாமதத்தைக் குறைத்திருக்கிறது. தரவை அழிக்கச் சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக அநேகமாக முதலில் வருவது பணமாக இருக்காது. அடுத்த வாங்கலில் கழித்துக்கொள்ளும் இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றோ, அதே நிறுவனத்தின் வேறொரு மென்பொருளுக்கு மாற்றித் தருகிறோம் என்றோ சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் உறவு தொடர்வதாகவும், முந்தைய கோரிக்கை தீர்ந்ததாகவும் ஆகும். ரூ.96,000 மட்டும் திருப்புகிறோம், வரி அரசுக்குக் கட்டியாகிவிட்டது என்றும் சொல்லக்கூடும். 2025-26 நிதியாண்டின் இன்வாய்ஸுக்கு 2026 நவம்பர் 30 வரை கிரெடிட் நோட் வழங்கி, தங்கள் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் வரவு எடுக்காததால் அதற்குத் தடையும் இல்லை. கிரெடிட் நோட் உங்கள் தளத்தில் வரும்போது, எடுக்காத வரவைத் திருப்பியதாகக் கணக்கு ஏறிவிடாமல் கணக்காளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வழி உங்களுக்கு இல்லை என்றே சொல்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வணிக நடைமுறைகளைத் தானியங்கியாக்க வாங்கிய மென்பொருள் உரிமம் இலாப நோக்கோடு தொடர்புடையது, ஆகவே வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஊதிய மென்பொருளை அதிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது கடினம். மறைமுகமாகச் சிக்கவைக்கும் இணைய உத்திகளைப் பற்றி 2023-இல் வந்த வழிகாட்டுநெறிகள் "சந்தாப் பொறி" என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. அவையும் அதே சட்டத்தின் கீழ் வந்தவை என்பதால், கடிதத்தில் துணைச் சான்றாகக் குறிப்பிடலாமே தவிர அவற்றை மட்டும் நம்பிப் போக முடியாது.

சமாதான் தளமும் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனமாகவே இருந்தாலும், அந்த ஏற்பாடு பொருளோ சேவையோ விற்றுவிட்டுப் பணம் வராமல் நிற்பவருக்கானது. இந்த விவகாரத்தில் நீங்கள் வாங்கியவர்.

மீதம் இருப்பது உரிமையியல் வழி. அதற்கு முன் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பத்தியும், எந்த ஊர் நீதிமன்றம் என்ற பத்தியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெங்களூரில் நடுவர் முன்புதான் தீர்க்க வேண்டும் என்றிருந்தால், ஒரு இலட்சத்துச் சொச்சத்துக்காக அங்கே போவது செலவுக்குக் கட்டுப்படியாகாது. அதை அவர்களும் அறிவார்கள். அத்தகைய பத்தி இல்லையென்றால், தொகை ரூ.3 இலட்சத்துக்குக் குறைவு என்பதால் இது வணிக நீதிமன்றத்துக்குப் போகாது. வழக்கமான உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்காகத் தொடுக்கலாம். பணம் எடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் காலவரம்பு உண்டு. எந்த நிலையிலும் நான் முதலில் பரிந்துரைப்பது, திருப்பூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய நிலை மனு ஒன்றைக் கொடுப்பதைத்தான். நீதிமன்றக் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் உடன்பட்டால் அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலுவைப் பெறும். எதிர்த்தரப்பு வர மறுக்கலாம் என்பது அதன் குறை. இருந்தாலும், அரசு முத்திரையோடு ஓர் அழைப்பாணை போனதும், உதவிமேசையில் கிடந்த கோப்பு சட்டப் பிரிவின் மேசைக்கு நகர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை இந்த வாரத்திலேயே அனுப்புங்கள். இன்வாய்ஸை மறுப்பதும் மேண்டேட்டை ரத்து செய்வதும் அதற்கு முந்தைய நாளிலேயே முடிந்திருந்தால், அவற்றின் ஒப்புகை எண்களையும் கடிதத்தில் சேர்த்துவிடலாம். பதினைந்து நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், ஒப்பந்தம், இரண்டு அஞ்சல்கள், வங்கி அறிக்கை, சேர்ப்புச் சான்று ஆகியவற்றோடு உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு மனுவுக்கு வேறு ஆவணம் தேவைப்படாது.